அண்ணனிடம் ஒரு பேச்சு, சாரிடம் ஒரு பேச்சு: ஓசூர் ஆலையில் லீவு கேட்கும் முறை

எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எனக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினான். "மதிப்பிற்குரிய ஐயா, எனது அக்கா மகனின் காதணி விழா நடைபெற இருப்பதால், எனக்கு மூன்று நாட்கள் விடுப்பு அளிக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." அவன் எனக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். அன்று காலை என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு இட்லியை எடுத்துத் தின்றவன். படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, "இவனுக்கு என்மேல் என்ன கோபம்?" என்பதுதான்.

சாயந்தரம் டிபார்ட்மென்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அவருடைய போனைக் காட்டினார். அதே பையன் அவருக்கும் அனுப்பியிருக்கிறான்: "சார் சனிக்கிழமைல இருந்து லீவு சார். ஊர்ல கிடா வெட்டு." மேனேஜர் புனேக்காரர், சைவம். தமிழ் பேசுவார், ஆனால் கிடா வெட்டு என்றால் என்னவென்று என்னிடம்தான் கேட்டார்.

இரண்டு செய்தியிலும் பொய் இல்லை, திமிரும் இல்லை. ஆள் மாறிப் போய்விட்டது, அவ்வளவுதான். எனக்குப் பேச வேண்டியதை அவருக்கு எழுதிவிட்டான், அவருக்கு எழுத வேண்டியதை எனக்கு எழுதிவிட்டான். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை என்று பல ஊர்களிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வருஷம் தடுமாறும் இடம் இது. நான் 14 வருஷமாக இங்கே இருக்கிறேன், அதில் பாதி சூப்பர்வைசராக. இந்தக் காது குத்து லீவையே வைத்துக்கொண்டு, எந்த வரிசையில் யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில்: யார் எதைக் கேட்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சூப்பர்வைசரின் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: "அன்னைக்கு இவன் மெஷினை யார் ஓட்டுவா?" உங்கள் காரணம் அவருக்குப் புரியும், பெரும்பாலும் அவரும் பக்கத்து ஊர்க்காரர்தான். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டம். குலதெய்வக் கோயில் எந்தக் கரட்டில் இருக்கிறது, அங்கே எத்தனை மணிக்குப் பஸ் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு இல்லாதது ஆள்.

மேனேஜருக்கு உங்கள் மெஷின் எண் தெரியாது. சில சமயம் உங்கள் பெயரே தெரியாது. அவர் கேட்கப்போவது: "எத்தனை நாள், எந்தத் தேதி, உன் இன்சார்ஜுக்குத் தெரியுமா?" மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில் கிடைத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார். கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுவார்.

தொனி மாற வேண்டியதன் காரணம் இதுதான். பதவி பெரியது என்பதால் மட்டும் மரியாதை கூடுவதில்லை. நெருக்கமாக இருக்கிறவரிடம் பேசி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், தூரத்தில் இருக்கிறவரிடம் ஏற்பாட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சேர்ந்து நாலாவது மாதம், அப்போது வேறொரு ஆலை. பிளான்ட் மேனேஜர் கேன்டீனில் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன், ஊரெல்லாம் விசாரித்தார். நான் அந்தச் சந்தோஷத்தில், "சார், வர்ற வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு வேணும்" என்றேன். "எடுத்துக்கோப்பா" என்றார். நான் போய்விட்டேன். திரும்பி வந்தால் அட்டெண்டன்ஸில் ஆப்சென்ட், ஒரு நாள் சம்பளம் போச்சு. சூப்பர்வைசர் சொன்னது இவ்வளவுதான்: "பெரிய இடத்துல கேட்டுக்கிட்டியாமே. அங்கேயே போட்டுக்கச் சொல்லு." அதற்குப் பிறகு ஆறு மாதம் எனக்குக் கிடைத்ததெல்லாம் சி ஷிஃப்ட், அதாவது ராத்திரி வேலைதான். பிளான்ட் மேனேஜருக்கு அந்தப் பேச்சு ஞாபகமே இல்லை.

இரண்டாவது: சூப்பர்வைசரிடம் வாயால் கேளுங்கள்

எழுதாதீர்கள், நேரில் கேளுங்கள். ஆனால் நேரம் பார்த்துக் கேளுங்கள். எங்கள் ஆலையில் ஏ ஷிஃப்ட் 6 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடியும். ஷிஃப்ட் தொடங்கும் முதல் அரை மணி நேரம் யாரும் எதையும் காதில் வாங்க மாட்டார்கள்: ஆள் வந்ததா, மெஷின் செட்டிங் சரியா, முதல் பீஸ் குவாலிட்டியில் பாஸா என்றே ஓடும். 1.45-க்குப் பிறகு கணக்கு ஒப்படைக்கிற அவசரம். டீ நேரம், அல்லது 11 மணி வாக்கில் லைன் அமைதியாக ஓடும்போது போய் நில்லுங்கள். இன்னொன்று, மாதம் 25-க்கு மேல் டெஸ்பாட்ச் நெருக்கடி. அந்த வாரத்தில் லீவு கேட்கப் போனாலும் முகம் கொடுக்க மாட்டார்கள். அடுத்த மாதம் நடுவில் தேவைப்படும் லீவை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது வார்த்தை. நம் தமிழில் லீவுக்குப் பின்னால் வரும் வினைச்சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. "லீவு போடுறேன்" என்றால் முடிவெடுத்துவிட்டீர்கள், தகவல் சொல்ல வந்திருக்கிறீர்கள். "லீவு எடுத்துக்கிறேன்" என்பதும் ஏறக்குறைய அதே கதைதான். "லீவு வேணும்" என்பது கோரிக்கை. காரணம் வலுவாக இருந்தால் தவறில்லை. "லீவு கிடைக்குமா" என்பதில்தான் அவர் பதில் சொல்ல இடம் இருக்கிறது. இந்த நாலில் முதல் இரண்டைப் புதியவர்கள் சூப்பர்வைசரிடம் சொல்லவே கூடாது. பத்து வருஷம் கூட வேலை செய்தவர்கள் சொல்லலாம், அது வேறு உறவு.

நம் பையன் இப்படிக் கேட்டிருக்கலாம்:

"அண்ணா, ஒரு விஷயம். அக்கா பையனுக்குக் காது குத்து வெச்சிருக்காங்க, 16-ஆம் தேதி திங்கக்கிழமை. நான்தான் தாய்மாமன். சனி, திங்கள், செவ்வாய் மூணு நாள் கிடைக்குமாண்ணா? என் ரெண்டு மெஷினையும் யார் பாக்கிறதுன்னு பி ஷிஃப்ட்ல ஒருத்தன்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன், ஓ.டி. பண்றேன்னு சொல்றான். நீங்க சரின்னா சொல்லிடறேன்."

இதில் "ஐயா" இல்லை, "தாழ்மையுடன்" இல்லை, "தங்கள்" இல்லை. மரியாதை இருக்கிறதா என்றால் நிறைய இருக்கிறது. "கிடைக்குமா" என்பதில் இருக்கிறது, "நீங்க சரின்னா" என்பதில் இருக்கிறது. எல்லாவற்றையும் விட, ஆளைத் தேடிவிட்டு வந்ததில் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாற்று ஆளிடம் "கேட்டு வெச்சிருக்கேன்" என்றுதான் சொல்கிறான், "ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று சொல்லவில்லை. ஓ.டி. கொடுப்பது சூப்பர்வைசர் கையில் இருக்கிற விஷயம். அதை நீங்களே முடித்துவிட்டு வந்தால் அவர் வேலையை நீங்கள் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

"நான்தான் தாய்மாமன்" என்ற வார்த்தைக்கு மேல் இங்கே விளக்கம் தேவையில்லை. மடியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ள மாமன் வேண்டும், சீர் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் சூப்பர்வைசருக்குத் தெரியும். உடனே அவர், "கிடா எத்தனை?" என்று கேட்பார். கேட்டால் பாதி லீவு கிடைத்த மாதிரி. கூப்பிடாமல் விட்டுவிடாதீர்கள்.

அண்ணா என்றா சார் என்றா கூப்பிடுவது? லைனில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே. பல ஆலைகளில் லைன் லீடர், சூப்பர்வைசர் வரை அண்ணா, அக்கா. அதற்கு மேலே சார், மேடம். ஓசூரில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற சூப்பர்வைசர்களும் நிறையப் பேர். அவர்களில் பலருக்கும் "அண்ணா" பழகின சொல்தான். தினமும் அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு லீவு கேட்கும் அன்று மட்டும் "சார்" போடுவது எடுபடாது. "என்னடா திடீர்னு சார்?" என்று சிரிப்பார்கள், இல்லாவிட்டால் சந்தேகப்படுவார்கள். எனக்கு வந்த அந்த வாட்ஸ்அப்பின் கோளாறும் அதுதான். பக்கத்தில் இருக்கிறவருக்கு எழுத்தில், உயர்ந்த நடையில் அனுப்பினால், நாளைக்கு ஆதாரம் காட்டுவதற்காக அனுப்புகிற மாதிரி இருக்கிறது. சண்டை போட்டவன்தான் அப்படி எழுதுவான்.

பேரம் இங்கேயே முடியட்டும்

சூப்பர்வைசர் முழுதாகச் சரி என்று சொல்வது அபூர்வம். எங்கள் பையன் விஷயத்தில் நான் சொன்னது: "சனி, திங்கள் சரி. செவ்வாய் ஆள் இல்ல. ஒண்ணு பண்ணு, செவ்வாய்க்கிழமை பி ஷிஃப்டுக்கு வந்துடு." திங்கட்கிழமை சாப்பாடு முடிந்து, செவ்வாய் காலையில் பாலக்கோட்டில் கிளம்பினாலும் மத்தியானம் 2 மணி ஷிஃப்டுக்கு வந்துவிடலாம். அவன் யோசித்துவிட்டுச் சரி என்றான். மூன்று நாள் இரண்டு நாளானது.

இந்தப் பேரம் சூப்பர்வைசரிடம் மட்டுமே நடக்கக்கூடியது. ஷிஃப்ட் மாற்றுவது, அரை நாள் ஆக்குவது, ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்ததற்கு சி-ஆஃப் இருந்தால் அதில் கழிப்பது எல்லாம் அவர் மடியில் இருக்கும் பணம் மாதிரி. மேனேஜரிடம் போய் "செவ்வாய் மட்டும் பி ஷிஃப்டுக்கு வரட்டுமா சார்" என்று கேட்டால், அவர் அதற்கும் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

சூப்பர்வைசர் சொல்லும் பதிலைப் படிக்கவும் தெரிய வேண்டும். "போய்ட்டு வா" என்றால் கிடைத்துவிட்டது. "சொல்றேன்" என்றால் இன்னும் யோசிக்கிறார், மறுநாள் நீங்கள்தான் போய் ஞாபகப்படுத்த வேண்டும். "பாக்கலாம்" என்பதைப் புதியவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அது முக்கால்வாசி இல்லை என்பதற்கான மரியாதையான பெயர். "பாக்கலாம்" வந்தால் அந்த இடத்திலேயே கெஞ்சாதீர்கள். இரண்டு நாள் விட்டு, "அண்ணா, அந்த 14-ஆம் தேதி விஷயம், வீட்டுல கேக்குறாங்க, என்ன சொல்லட்டும்?" என்று கேளுங்கள். வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் நீங்கள் இருப்பது அவருக்குப் புரியும்.

மூன்றாவது: மேனேஜருக்கு எழுத்தில்

எங்கள் ஆலையில் ஒரு நாள் லீவைச் சூப்பர்வைசரே முடித்துவிடுவார். அதற்கு மேல் போனால், அல்லது பயிற்சிக் காலத்தில் இருந்தால், மேனேஜர் ஒப்புதல் வேண்டும். உங்கள் ஆலையில் கணக்கு வேறாக இருக்கலாம். வேலையில் சேரும்போது கொடுத்த தாளில் எத்தனை சி.எல்., எப்போதிலிருந்து எடுக்கலாம் என்பது இருக்கும், அதை ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.

ஈட்டிய விடுப்பாக எடுப்பதாக இருந்தால் நாள் கணக்கு இன்னும் முக்கியம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்று கணக்கு வைத்தது. அதைக் கேட்பதானால் 15 நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும் என்றது. உடம்பு சரியில்லாமல் போனால் அந்தக் கெடு கிடையாது. பல ஆலைகளில் பழைய மேனேஜர்கள் இந்த 15 நாளை மனதில் வைத்தே பேசுவார்கள். "ஏன் முன்னாடியே சொல்லல" என்று அவர்கள் கேட்பது வெறும் கோபம் அல்ல. நம் பையனுக்கு அந்த விடுப்பு இன்னும் சேரவில்லை, அவன் எடுப்பது சி.எல்.

அவன் மேனேஜருக்கு எழுதியிருக்க வேண்டியது:

"வணக்கம் சார்.

நான் மெஷின் ஷாப் இரண்டாவது லைனில் டிரெய்னி, டோக்கன் எண் (இங்கே எண்). என் அக்கா மகனின் காதணி விழா 16-ஆம் தேதி திங்கட்கிழமை எங்கள் ஊரில் நடக்கிறது. தாய்மாமன் என்ற முறையில் குழந்தையை மடியில் வைத்துச் சடங்கை நடத்த வேண்டியவன் நான். அதற்காக 14 சனி, 16 திங்கள் ஆகிய இரண்டு நாள் தற்செயல் விடுப்பு வேண்டுகிறேன். இடையில் 15 ஞாயிறு வார விடுமுறை. 17 செவ்வாய் பி ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன்.

ஷிஃப்ட் சூப்பர்வைசர் சாரிடம் பேசிவிட்டேன். அந்த இரண்டு நாளும் என் மெஷின்களுக்கு மாற்று ஆள் போட்டிருக்கிறார்.

விடுப்புக்கு அனுமதி அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே பெயர், போன் எண். முடிந்தது. ஆலையில் ஆங்கிலத்தில்தான் மெயில் போக வேண்டும் என்றால் இதே வரிசையை வைத்துக்கொண்டு எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் காய்ச்சலுக்கு மனப்பாடம் செய்த லீவு லெட்டரைக் காது குத்துக்குத் திருப்பி எழுத வேண்டாம். அதை ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் அனுப்பி, ஹெச்.ஆரில் சிரிக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தில் சில சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். முதலில், தான் யார் என்று சொல்கிறான். என்னிடம் அது தேவையில்லை, அவரிடம் தேவை. அடுத்து, தாய்மாமனின் வேலை என்ன என்று ஒரே வரியில் சொல்கிறான். புனேக்காரருக்குத் "தாய்மாமன்" என்றால் அம்மாவுடன் பிறந்தவன் என்று தெரியலாம். அவன் இல்லாவிட்டால் சடங்கே நடக்காது என்பது தெரியாது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால், "சொந்தக்காரர் வீட்டு விசேஷம்தானே, ஒரு நாள் போதாதா" என்று நினைப்பார். இதே விளக்கத்தை என்னிடம் சொல்லியிருந்தால், "எனக்கேவா?" என்று இருந்திருக்கும்.

கிடா வெட்டு கடிதத்தில் இல்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதால் அல்ல. லீவுக்குக் காரணம் காது குத்துதான், கிடா சாப்பாடு. மேனேஜர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் எழுத்தில் அது வேண்டாம். நேரில் பார்த்தால் கூப்பிடுங்கள்.

சூப்பர்வைசரைப் பற்றி எழுதும் இடத்தில் "அண்ணன்" என்று எழுதவில்லை, "சார்" என்றே எழுதியிருக்கிறான். மேனேஜரிடம் பேசும்போதும் அப்படித்தான்: "அண்ணன் ஓகேன்னுட்டார் சார்" என்றால் உங்கள் இருவருக்குள் ஏதோ வீட்டு ஏற்பாடு மாதிரி கேட்கும். "சூப்பர்வைசர் சார்கிட்ட சொல்லிட்டேன் சார்" என்பதுதான் அங்கே எடுபடும். என்னை அவர் முன்னால் உயர்த்திச் சொல்வதில் எனக்கும் ஒரு சந்தோஷம், மறைப்பானேன்.

மரியாதை எவ்வளவு போதும்? மேலே ஒரு வணக்கம், கீழே ஒரு "கேட்டுக்கொள்கிறேன்". "தாழ்மையுடன்", "பணிவன்புடன்", "தயவுகூர்ந்து" மூன்றையும் ஒரே கடிதத்தில் போட்டால், தேதியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் அந்த நடைக்கு இடம் உண்டு. ஆலை மேனேஜர் ஒரு நாளில் முப்பது மெயிலுக்கு நடுவில் இதைப் படிக்கிறார். "விடுப்பு வேண்டுகிறேன்" என்பதே முறையான தமிழ், "வேணும்" அல்ல, "தந்தருள" அல்ல.

நேரில் கூப்பிட்டால்

சில மேனேஜர்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஆளை வரச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், முகம் பார்க்கத்தான். கதவருகில் நின்று, "சார், லீவு விஷயமா வரச் சொன்னீங்களாம்" என்று தொடங்குங்கள். கதையை முதலிலிருந்து சொல்லாதீர்கள். அவர் கேட்பதற்கு மட்டும் பதில்: "ரெண்டு நாள் சார், சனியும் திங்களும். செவ்வாய் பி ஷிஃப்ட் வந்துடுவேன் சார்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "சார்" போதும். வார்த்தைக்கு வார்த்தை போட்டால் கெஞ்சல் ஆகிவிடும்.

"ஒரே நாள்ல முடியாதா?" என்று கேட்டால் அங்கே பேரம் பேசாதீர்கள், உடனே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "சனிக்கிழமை சீர் சாமான் எடுக்கணும் சார், திங்கக்கிழமை விழா. சூப்பர்வைசர் சார்கிட்ட மூணு நாள் கேட்டு ரெண்டா குறைச்சுக்கிட்டேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே குறைத்துக்கொண்டது தெரிந்தால், பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார். முதலில் சூப்பர்வைசரிடம் போனதன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது.

"நோட்டட்" என்று மெயில் வந்தாலோ, வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வந்தாலோ, அது அனுமதி ஆகாது. படித்தேன் என்று அர்த்தம். லீவு ஆப்பிலோ லீவுச் சீட்டிலோ ஒப்புதல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மேனேஜரைத் துரத்தாதீர்கள். என்னிடம் வந்து, "அண்ணா, சார் இன்னும் அப்ரூவ் பண்ணல, ஒரு வார்த்தை சொல்றீங்களா" என்று சொன்னால் போதும்.

சூப்பர்வைசரே முடியாது என்றால்

இதுதான் சிக்கலான இடம். மேனேஜரிடம் போகலாம், ஆனால் சூப்பர்வைசருக்குத் தெரியாமல் போகக்கூடாது. "அண்ணா, உங்க கஷ்டம் புரியுது. நான் இல்லாம அங்க சடங்கு நடக்காது. சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பத்தில் எட்டுப் பேர், "போய்க் கேளு, எனக்கென்ன" என்பார்கள். சிலர் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

மேனேஜரிடம் "சூப்பர்வைசர் தர மாட்டேங்கிறார்" என்று ஆரம்பித்தால் அது புகார். "அந்த வாரம் ரெண்டு பேர் ஏற்கெனவே லீவு, அதனால ஆள் பத்தலைன்னு சூப்பர்வைசர் சார் சொன்னார். வேற வழி இருக்குமான்னு கேக்க வந்தேன் சார்" என்றால் அது விஷயம். மேனேஜரால் மட்டும் முடிவது ஒன்று உண்டு: இன்னொரு லைனிலிருந்து ஆள் அனுப்பலாம். அதை அவராகவே சொல்ல இடம் விடுங்கள், நீங்கள் வழி சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

அவசரம் வந்தால் வரிசை அதேதான், வேகம் வேறு

விடியற்காலையில் ஊரிலிருந்து சாவுச் செய்தி வருகிறது. ஏ ஷிஃப்டில் இருந்தால் 6 மணிக்குள் சூப்பர்வைசருக்குப் போன் போடுங்கள். வாட்ஸ்அப் அல்ல, போன். "அண்ணா, பெரியப்பா தவறிட்டாரு, நான் ஊருக்குக் கிளம்புறேன், எப்ப வர்றதுன்னு சாயந்தரம் சொல்றேன்." இங்கே "கிடைக்குமா" தேவையில்லை, "கிளம்புறேன்" என்பது சரிதான். சாவுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் சாயந்தரம் சொல்கிறேன் என்றால் சாயந்தரம் சொல்லிவிடுங்கள்.

மேனேஜருக்கு பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு செய்தி போதும்: "வணக்கம் சார். என் பெரியப்பா இன்று அதிகாலை காலமானார். ஊருக்குப் போகிறேன். சூப்பர்வைசர் சாருக்குச் சொல்லிவிட்டேன். திரும்பும் தேதியை மாலையில் தெரிவிக்கிறேன்." போனில் "தவறிட்டாரு", எழுத்தில் "காலமானார்". பெரியப்பா என்பதைப் பெரியப்பா என்றே சொல்லுங்கள், அப்பா ஆக்காதீர்கள். எங்கள் ஆலையில் ஒருவருக்கு மூன்று தாத்தா இறந்துவிட்டார்கள். எல்லா சூப்பர்வைசரும் இந்தக் கணக்கு வைத்திருப்பார்கள், வெளியே சொல்வதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உடம்பு சம்பந்தமான லீவுக்கு ஆண் சூப்பர்வைசரிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "உடம்பு சரியில்லை அண்ணா, இன்னைக்கு வர முடியல" என்றால் போதும், அதற்கு மேல் துருவுகிறவர்கள் குறைவு. துருவினால், "லைன் லீடர் அக்காகிட்ட சொல்லியிருக்கேன்" என்று திருப்பிவிடலாம். அதனால் முன்பே ஒரு அக்காவிடம் சொல்லி வையுங்கள். மேனேஜருக்கும் "உடல்நலக் குறைவு" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். நாள் கூடினால் டாக்டர் சீட்டு பேசும்.

திரும்பி வந்த பிறகு

நம் பையன் செவ்வாய்க்கிழமை 1.40-க்கு கேட்டில் பன்ச் வைத்துவிட்டான். எனக்கு ஒரு டப்பாவில் கறி, லைனுக்கு ஒரு பை முறுக்கு. மேனேஜரை வராந்தாவில் பார்த்தபோது நின்று, "வந்துட்டேன் சார், நல்லபடியா முடிஞ்சுது, தேங்க்ஸ் சார்" என்றான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அங்கே அவ்வளவுதான், டப்பா நீட்ட வேண்டாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. மாத முடிவில் சம்பளச் சீட்டு வந்ததும் அந்த இரண்டு நாளும் சி.எல். என்று ஏறியிருக்கிறதா, சம்பளம் இல்லாத லீவாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அவனுக்குத் திங்கட்கிழமை தப்பாகத்தான் ஏறியிருந்தது. டைம் ஆபீஸில் யாரோ செவ்வாய் பி ஷிஃப்டைச் சரியாகப் பார்க்காமல் இரண்டையும் குழப்பிவிட்டார்கள். இந்தத் தடவை பையன் மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்பவில்லை. டீ நேரத்தில் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அண்ணா, இத ஒண்ணு பாருங்களேன்."